உடைந்த மூன்று கியூப்கள்

சிவில் படித்துவிட்டு வேலைக்கான நேர்காணலுக்கு வருகிற பலரிடம் இருப்பது ஒரே ப்ராஜெக்ட்தான். சிமெண்டில் ஒரு பங்கைக் குறைத்து, அதற்குப் பதில் அனல்மின் நிலையச் சாம்பலான ஃப்ளை ஆஷைச் சேர்த்து கான்கிரீட் போட்டுப் பார்த்திருப்பார்கள். அதில் குறையொன்றும் இல்லை. எங்கே தோண்டினால் பாடத்தின் அடிப்படை தட்டுப்படும் என்று கேட்பவருக்குத் தெரிந்த தலைப்பு அது. சிக்கல், வருகிறவர் தலைப்பையும் முடிவுரையையும் மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வருவதில்தான் இருக்கிறது.

ஒருவர், "28 நாளில் 25.6 வந்தது சார், எம்25 பாஸ்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி உடனே வரும்: "மெஷின்ல எவ்வளவு லோடு காட்டிச்சு?"

மெஷின் காட்டுவது கிலோநியூட்டன். கியூபின் ஒரு பக்கம் 150 மில்லிமீட்டர். ஆக, பரப்பு 22,500 சதுர மில்லிமீட்டர். சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்கவேண்டுமென்றால் 562.5 கிலோநியூட்டன் வரை கியூப் உடையக்கூடாது. இந்தப் பெருக்கலைச் சொல்லத் திணறுகிறவர் மெஷின் பக்கத்தில் நின்றிருக்கமாட்டார் என்று கேட்பவர் முடிவு கட்டிவிடுவார்.

நம் ஆள் நின்றிருக்கிறார். மூன்று கியூப்கள் 610, 640, 480 கிலோநியூட்டனில் உடைந்தன என்கிறார். சராசரி ஏறக்குறைய 577, வகுத்தால் 25.6. கணக்கு சரி, முடிவு தவறு. தனிக் கியூப் எதுவும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது என்கிறது ஐ.எஸ். 456. இங்கே கீழ் எல்லை சுமார் 490. மூன்றாவது கியூப் அதற்கும் கீழே போய்விட்டதால் இந்தச் சோதனையே செல்லாது. பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை.

அது ஏன் 480-இல் போனது என்ற கேள்வியில்தான் நல்ல உரையாடல் தொடங்கும். அச்சில் கலவையைச் சரியாகக் குத்தி இறுக்காமல் உள்ளே காற்றுப்பொந்து நின்றிருக்கலாம். கரண்டியால் தேய்த்த மேல்பக்கம் சமமாக இருக்காது. அதைப் பக்கவாட்டில் திருப்பி வைக்காமல் அப்படியே மெஷினுக்குக் கொடுத்திருக்கலாம். உடைந்த துண்டே இதைச் சொல்லும். ஒழுங்காக உடைந்த கியூபின் நான்கு பக்கமும் உதிர்ந்து, நடுப்பகுதி உடுக்கைபோல இடுப்பு ஒடுங்கி நிற்கும். ஒரு பக்கம் மட்டும் பிளந்திருந்தால் லோடு சாய்வாக இறங்கியிருக்கிறது. துண்டுகளைக் குப்பையில் கொட்டுமுன் ஒரு புகைப்படம் எடுத்து வைத்திருந்தால், நேர்காணலில் அது அறிக்கையின் பாதிப் பக்கங்களைவிடப் பயன்படும்.

பிறகு சாம்பல். ஏழாம் நாளில் சாம்பல் சேர்த்த கியூப் பின்தங்குவது ஏன்? சிமெண்ட் நீரோடு வினைபுரியும்போது சுண்ணாம்பு ஒன்று உபரியாக வெளிப்படும். சாம்பலிலுள்ள சிலிக்கா அந்தச் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டுதான் பலம் தருகிறது. முதல் வினை நடந்து சுண்ணாம்பு சேரவேண்டும். இரண்டாவது வினையோ மெதுவானது. அதனால் 56, 90 நாள்களிலும் பலம் ஏறிக்கொண்டிருக்கும், தண்ணீர் க்யூரிங்கை நிறுத்தாமல் இருந்தால். "சாம்பல் எங்கிருந்து வந்தது?" என்பதும் வெறும் விசாரிப்பல்ல. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து அதிகம், மேட்டூர்ச் சாம்பலில் குறைவு. இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளா.

இதெல்லாம் முடிந்தபின் பேப்பரும் பென்சிலும் நகர்ந்து வரும். "ஜன்னலுக்கு மேல ஒரு சன்ஷேடு வரைஞ்சு, மெயின் கம்பி எங்க வரும்னு காட்டுங்க." இரு முனையிலும் தாங்கிய பீமையே வரைந்து பழகிய கை, கம்பியைக் கீழே போட்டுவிடும். சன்ஷேடு ஒரு பக்கம் மட்டும் பிடித்திருப்பது. நுனி தொங்கப் பார்க்கும், மேல்பக்கம் இழுபடும். இழுவையை கான்கிரீட் தாங்காது, கம்பிதான் தாங்கவேண்டும். ஆகவே கம்பி மேலேதான். வரைபடத்தில் சரியாக இருந்தும், கான்கிரீட் கொட்டும்போது ஆள் மிதித்துக் கம்பி கீழே இறங்கிவிட்டால் பலன் அதே விரிசல்தான். அது சுவரை ஒட்டி, மேல்பக்கத்தில் வரும். "அதைத் தடுக்க என்ன செய்வீங்க?" என்றால், கம்பிக்கடியில் சேர் கம்பி வைத்துத் தூக்கிக் கட்டுவேன் என்பவர் சைட்டைப் பார்த்தவர்.

கடைசியாக ஒரு கொக்கி: "கம்பி சரியா மேலயே இருக்கு. அப்பவும் சன்ஷேடு விழுமா?" விழும். லிண்டலுக்கு மேல் சுவர் கட்டி எடை ஏற்றுமுன் முட்டைப் பிரித்தால், உடையாமல் முழுசாகவே கவிழ்ந்துவிடும்.