மூன்று நாள் குறிப்பேடு

வாசற்கதவில் சாவியைத் திருப்பும்போதே முட்டிக்கொண்டு வரும். கழிவறையை எட்டுவதற்குள் சேலை நனைந்துவிடும். இதற்குப் பயந்து கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்ட 68 வயது அம்மா ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

அவர் மூன்று நாள் குறிப்பு எழுத வேண்டும். என்ன, எவ்வளவு குடித்தார், எப்போது சிறுநீர் கழித்தார், அளவுக் குவளையில் எத்தனை மில்லி, எப்போது கசிந்தது என்று எல்லாவற்றையும் நேரத்தோடு.

அவர் குறிப்பில் ஒன்று பளிச்சென்று தெரிகிறது: ஒன்றரை மணி நேரம் தாண்டினால்தான் கசிகிறது. அப்படியென்றால் பகலில் ஒன்றேகால் மணிக்கு ஒருமுறை, உணர்வு வந்தாலும் வராவிட்டாலும், போய்விட வேண்டும். ஒரு வாரம் கசிவில்லாமல் கழிந்தால் 15 நிமிடம் கூட்டலாம். இலக்கு மூன்று மணி நேரம்.

இடையில் அவசரம் வந்தால் ஓடக்கூடாது. உட்கார்ந்து, சிறுநீரை அடக்குவதுபோல அடித்தசையை ஐந்தாறு முறை சுருக்கி விட்டால் அலை தணியும்; பிறகு நிதானமாக நடக்கலாம்.

பலரும் செய்யும் தவறு, தண்ணீரைக் குறைப்பது. அடர்ந்த சிறுநீர் பையை இன்னும் உறுத்தும். குறைக்க வேண்டியது காபி, டீதான்.

பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும். எரிச்சல், ரத்தம், சிறுநீர் சரியாகப் போகாமை இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.