தெரு முழுக்க ஒரே படம்: ஓரம் இழுபடாமல் எடுப்பது எப்படி?

நாமக்கல் கோட்டை சாலையில் ஒட்டி நிற்கும் கடைகளை ஒரே இடத்தில் நின்று பனோரமா எடுத்தால், நடுக்கடை பெரிதாகி, ஓரங்கள் சிறுத்து, தெருவே வில்லாக வளையும். வைடு லென்ஸிலோ ஓரக் கடைகள் இழுபட்டுப் போகும்.

என்ன வழி? நின்று திரும்பாதீங்க, நடங்க. எதிர்ப்பக்கம் ஒரே தூரத்தில், போனைச் சுவருக்கு நேராகப் பிடித்து, சில அடிக்கு ஒரு படம். முந்தைய படத்தின் பாதியாவது அடுத்ததில் தெரிய வேண்டும். பிறகு ஒவ்வொன்றின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி ஒட்டுங்க.

1966-ல் அமெரிக்கக் கலைஞர் எட் ரூஷே, வண்டியில் கேமரா பொருத்தி லாஸ் ஏஞ்சல்ஸின் சன்செட் ஸ்ட்ரிப் தெருவை இப்படித்தான் எடுத்து, சுமார் 25 அடி நீள மடிப்புப் புத்தகமாக்கினார்.

சிக்கல் மின்கம்பத்தில்தான். சுவருக்கு முன்னால் நிற்பதால் அது பாதி காணாமல் போகலாம். கம்பத்தைத் தவிர்த்து, இரு கடைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் ஒட்டுங்க. கடைசியில் ஷட்டர்களை எண்ணிப் பாருங்க. தெருவில் உள்ள எண்ணிக்கையே படத்திலும் வரணும்.