கோபம் ஆறட்டும், பிறகு கதைப்போம்
சண்டைக்குப் பின் அனுப்பும் ஒரு குறுஞ்செய்தி

“ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு” என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். இந்தப் பழமொழிக்குள் உடலைப் பற்றிய உண்மையும் ஒன்று இருக்கிறது. கணவன் மனைவிக்கிடையே வாக்குவாதம் முற்றும்போது உடல் அதை ஓர் ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் போன்ற சுரப்புகள் இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு மேலெழுகிறது, கை நடுங்குகிறது. அந்த நேரத்தில் மற்றவர் சொல்வதில் பாதிதான் காதில் விழும். விழுந்த பாதியும் குற்றச்சாட்டாகவே கேட்கும்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜோன் கொட்மன் என்ற உளவியலாளர் தம்பதியரின் வாக்குவாதங்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர். அவர்கள் பேசும்போதே இதயத் துடிப்பையும் அளந்தார். ஓர் ஆய்வில், கருவி பழுது என்று சொல்லிப் பேச்சை இடையில் நிறுத்தி, ஏறத்தாழ அரை மணி நேரம் சஞ்சிகை வாசிக்க வைத்தார்கள். மீண்டும் பேசத் தொடங்கியபோது துடிப்பு இறங்கியிருந்தது. அதே தம்பதியர் அதே விடயத்தை நிதானமாகப் பேசினார்கள். நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் பேச்சை நிறுத்தும்படியும், குறைந்தது 20 நிமிடங்களாவது இடைவெளி விடும்படியும் அவர் ஆலோசனை சொல்கிறார்.

நாடியை நாமே பார்க்கலாம். பெருவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து 15 வினாடிகள் எண்ணி, அதை நான்கால் பெருக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கப்படும் சில மாத்திரைகள் நாடியைக் கூட விடாது. அவற்றை எடுப்பவர்கள் இந்த எண்ணை நம்பியிராமல் கை நடுக்கத்தையும் குரல் உயர்வதையும் கவனிப்பது நல்லது.

இனி ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ரொறன்ரோவில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். மனைவி காலை வேலை முடித்து வருகிறார், கணவர் மாலை வேலைக்குப் புறப்படுகிறார். இருவரும் ஒருவரையொருவர் காண்பது அந்த ஒரு மணி நேரத்தில்தான். யாழ்ப்பாணத்திலுள்ள தன் அக்காவின் வீட்டுக் கூரைக்குக் கணவர் 500 டொலர் அனுப்பியது வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு மனைவிக்குத் தெரியவருகிறது. வார்த்தை தடிக்கிறது. அவர் கதவை அடித்துச் சாத்திவிட்டு வேலைக்குப் போகிறார். வேலைத்தலத்தில் வாகனத்தை நிறுத்திவிட்டுக் கைத்தொலைபேசியை எடுக்கிறார். என்ன எழுதலாம்?

“இப்ப கதைக்க ஏலாது” என்று மட்டும் எழுதினால், மனைவிக்கு அது இன்னொரு முறை கதவைச் சாத்தியது போலத்தான். எப்போது கதைப்பார், கதைப்பாரா என்றே தெரியாமல் அவர் வீட்டில் தவிப்பார். ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தி அனுப்புவார், அவரோ தொலைபேசியை நிறுத்தி வைப்பார். ஒருவர் துரத்த மற்றவர் விலகும் இந்தச் சுழல் பல வீடுகளில் நடப்பதுதான்.

“நீர் முதல்ல அமைதியா இரும், பிறகு கதைப்பம்” என்பது இன்னும் மோசம். தான் நிதானமாக இருப்பதாகவும் மனைவிக்குத்தான் புத்தி மாறியதாகவும் அது சொல்லிவிடும். ஆறியிருந்த கோபமும் திரும்பி வரும்.

இப்படி எழுதிப் பார்ப்போம்:

“எனக்கு இன்னும் கோபம் ஆறேல்லை. இப்ப கதைச்சா பிழையா ஏதும் சொல்லிப்போடுவன். அக்காவுக்கு அனுப்பின காசைப் பற்றிக் கட்டாயம் கதைக்க வேணும். நாளைக்குக் காலமை 10 மணிக்கு, பிள்ளையள் தமிழ் வகுப்பில நிக்கேக்க, இருந்து கதைப்பம். உமக்குச் சரியோ?”

இதில் அவர் தன்னுடைய கோபத்தைத்தான் சொல்கிறார், மனைவியின் கோபத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எந்த விடயத்தைக் கதைக்க வேண்டும் என்பதைப் பெயர் சொல்லிக் குறிப்பதால், அது மூடி மறைக்கப்படாது என்று மனைவிக்கு விளங்கும். எல்லாவற்றிலும் முக்கியமானது அந்த 10 மணி. நேரம் குறிக்காத “பிறகு கதைப்பம்” வெறும் மௌனமாகவே போய்விடும். நேரம் தெரிந்தால் காத்திருப்பவருக்கும் மனம் சற்று ஆறும். வேலை முடிந்து வரும் நள்ளிரவை அவர் குறிக்காததும் நல்லதே. களைத்த உடலில் கோபம் சீக்கிரம் ஏறும். ஆனால் ஒரு நாளுக்கு மேல் தள்ளிப் போடக் கூடாது.

பதிலும் சுருக்கமாக இருக்கட்டும். “சரி, 10 மணிக்குக் கதைப்பம். சோறு கறி மேசையில மூடி வைக்கிறன்” என்றால் போதும். மிச்சச் சண்டையைப் பதிலில் எழுதினால் இடைவெளி விட்டதில் பயனில்லை. எழுத்தில் குரல் கேட்காது. படிப்பவர் தன் கோபத்தின் குரலிலேயே அதைப் படித்துக்கொள்வார்.

இடைவெளியில் என்ன செய்கிறோம் என்பதும் முக்கியம். “நான் அப்படிச் சொல்லியிருக்க வேணும்” என்று மனதுக்குள் வாதத்தை ஓட்டிக்கொண்டிருந்தால், இரண்டு மணி நேரம் போனாலும் உடல் அடங்காது. தங்கைக்கோ நண்பருக்கோ தொலைபேசியில் முழுக் கதையையும் சொல்வதும் அப்படித்தான். நடப்பது, பாத்திரம் கழுவுவது, பாட்டுக் கேட்பது, மூச்சை மெதுவாக விடுவது போன்றவை உதவும். மதுவை நாடக் கூடாது.

சனிக்கிழமை 10 மணிக்கு, நேரம் கேட்டவரே பேச்சைத் தொடங்க வேண்டும். “அக்காவின்ரை காசு விசயம் கதைப்பமோ?” என்று கணவர் கேட்கிறார். அக்காவுக்கு உதவுவதில் தனக்கு ஆட்சேபம் இல்லை, வீட்டுக் கடன் கட்டும் வாரத்தில் தன்னிடம் கேளாமல் அனுப்பியதுதான் மனதைச் சுட்டது என்று மனைவி சொல்கிறார். முதல்நாள் அதையேதான் அவர் சொன்னார், ஆனால் “உங்கடை அக்கா” என்ற சொல்லுக்கு அப்பால் கணவரின் காதில் எதுவும் ஏறவில்லை. 200 டொலருக்கு மேல் எங்கு அனுப்பினாலும் முன்கூட்டியே இருவரும் கதைப்பது என்று முடிவாகிறது. எவ்வளவு அனுப்புவது என்பதில் இன்னும் உடன்பாடில்லை. அதற்கு இன்னொரு நாள் குறிக்கிறார்கள்.

குறித்த நேரம் வந்தும் கதைக்காமல் விட்டால், அடுத்த தடவை அந்தச் செய்தியை யாரும் நம்பமாட்டார்கள். எப்போதும் ஒருவரே நேரம் கேட்டு, எப்போதும் மற்றவரே நினைவூட்ட வேண்டியிருந்தால், அங்கே இடைவெளி என்ற பெயரில் தட்டிக்கழித்தல்தான் நடக்கிறது. அப்போது குடும்ப வைத்தியரிடம் சொல்லி ஆலோசகர் ஒருவரை நாடலாம்.

மேலே சொன்னதெல்லாம் ஒருவருக்கொருவர் பயமில்லாத வீட்டுக்குத்தான் பொருந்தும். அடி, மிரட்டல், தொலைபேசியைப் பறித்துப் பார்த்தல், கையில் காசு இல்லாமல் வைத்திருத்தல் என்பன இருந்தால் குறுஞ்செய்தியை எப்படி எழுதினாலும் அது தீராது. உடனடி ஆபத்தென்றால் 911ஐ அழையுங்கள். ஒன்ராறியோவில் 211ஐ அழைத்தால், உங்கள் பகுதியில் உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். ஆங்கிலம் வராதவர்கள் “தமிழ்” என்ற ஒரு சொல்லைச் சொல்லி மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.