வாசிக்க மறுக்கும் சதுரம்

போனின் கமராவைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

2022 யூலையில் தேசிய எரிபொருள் அட்டை வந்தபோதுதான் மாத்தளை மாவட்டத்தில் பலர் முதன்முறையாக ஒரு கியூஆர் குறியீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர். அந்த அளவைப் பெற ஷெட்டில் நிற்பவரின் போன் உங்கள் சதுரத்தை வாசிக்க வேண்டியிருந்தது. 2023 செப்டெம்பரில் அந்த முறை நிறுத்தப்பட்டது. இன்று கடைகளில் லங்காகியூஆர் அட்டையின் முன்னால் போனை நீட்டுகிறோம். வாசிக்காமல் போகும் காரணங்கள் மட்டும் மாறவில்லை.

அந்த எரிபொருள் அட்டைக் காலத்தில் இறத்தோட்டை வீதியில் ஓட்டோ ஓட்டிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். குறியீட்டை இரண்டரை சென்ரிமீற்றர் அகலத்தில் அச்சிட்டு, லெமினேட் பண்ணிச் சாவிக்கொத்தில் மாட்டியிருக்கிறார். வாசிக்கவில்லை என்றதும் ஷெட்காரர் போனைக் கிட்டக் கொண்டுபோகிறார். இன்னும் வாசிக்கவில்லை, இன்னும் கிட்ட. எல்லோரும் செய்வது இதுதான். ஆனால் பெரும்பாலான போன்களின் பிரதான கமரா ஏறக்குறைய பத்து சென்ரிமீற்றருக்கும் கிட்ட இருப்பதைத் தெளிவாகப் பார்க்காது. பெரிய சென்சர் உள்ள புதிய போன்கள் சிலவற்றுக்கு அதைவிடவும் தூரம் வேண்டும். ஒரு வரிசையில் 33 கட்டங்கள் உள்ள குறியீடு என்றால், இந்த அகலத்தில் ஒவ்வொரு கட்டமும் முக்கால் மில்லிமீற்றர்தான். படம் கொஞ்சம் மங்கினாலே பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் ஒன்றோடொன்று கரைந்துவிடும்.

குறியீட்டின் அகலத்தைப் போல் பத்து மடங்கு தூரம் என்பது இந்தத் துறையில் உள்ள ஒரு கணக்கு. இங்கே அது இருபத்தைந்து சென்ரிமீற்றர், கிட்டத்தட்ட ஒரு பாடசாலை அடிமட்டத்தின் நீளம். அங்கே பிடித்து, படம் சின்னதாகத் தெரிந்தால் இரண்டு மடங்கு சூம் பண்ணி, திரையில் குறியீட்டின் மேல் ஒருதரம் தட்டினால் போதும். அதற்கு முன் லென்ஸைத் துடைத்துக்கொள்ளுங்கள். விரல் எண்ணெய் படிந்த லென்ஸும் படத்தை மங்கலாகத்தான் காட்டும். அந்த மங்கலைத் தூரத்தை மாற்றித் தீர்க்க முடியாது.

தூரம் சரியாக இருந்தும் வாசிக்கவில்லையா? திரையில் குறியீட்டின் மேல் ஒரு வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அட்டையைக் கொஞ்சம் சரியுங்கள். திட்டு நகர்ந்தால் அது வெளிச்சத்தின் பளபளப்பு. நகராவிட்டால் அந்த இடத்தில் மை போய்விட்டது. லெமினேட் தாள் வெயிலையும் ஷெட்டின் குழாய் விளக்கையும் அப்படியே கமராவுக்குள் திருப்பிவிடும். அட்டையை நேராகத்தான் காட்ட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. இருபது முப்பது பாகை சரிந்தாலும் மூன்று மூலைச் சதுரங்களை வைத்து மென்பொருள் படத்தை நிமிர்த்திக்கொள்ளும்.

குறியீடு இன்னொரு போனின் திரையில் இருந்தால் கதை வேறு. நண்பகல் வெயிலில், பற்றறியைச் சேமிக்கும் முறை திரையை மங்கவைத்திருக்கும். வெளிச்சத்தை முழுதாகக் கூட்டுங்கள். இரவில் அதற்கு நேர்மாறு. சுற்றிலும் இருட்டு என்பதால் கமரா வெளிச்சத்தை அள்ளி எடுக்க, திரையின் வெள்ளை பக்கத்துக் கறுப்புக் கட்டங்களுக்குள் வழிந்துவிடும். அப்போது திரையைப் பாதிக்குக் குறைக்க வேண்டும். இன்னொன்று, ஸ்கிரீன்சொட்டைக் குறியீட்டின் விளிம்போடு ஒட்ட வெட்டாதீர்கள். சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெள்ளை ஓரம் இருக்க வேண்டும். கறுப்புப் பின்னணியில் அந்த ஓரம் இல்லாவிட்டால் சதுரம் எங்கே தொடங்குகிறது என்றே சில செயலிகளுக்குத் தெரியாது.

இனிச் சேதம். 1994இல் யப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு இதை உருவாக்கியது வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலைகளுக்காக. எண்ணெயும் அழுக்கும் படியும் என்று தெரிந்தே செய்தார்கள். நான்கு தரங்களில் திருத்தும் வசதி உண்டு: மிகக் குறைந்ததில் ஏறக்குறைய 7 வீதம், மிகக் கூடியதில் 30 வீதம் வரை தரவு அழிந்தாலும் மீட்டெடுக்கலாம். நடுவில் நிறுவனச் சின்னத்தை ஒட்டியும் வாசிப்பது இதனால்தான்.

ஆனால் இந்தக் காப்பு மூலைச் சதுரங்களுக்குக் கிடையாது. குறியீடு எங்கே இருக்கிறது என்று கமரா கண்டுபிடிப்பதே அவற்றை வைத்துத்தான். நடுவில் பெரிய கறை இருந்தும் வாசிக்கும் அட்டை, ஒரு மூலையில் மடிப்பு விழுந்ததும் ஊமையாகிவிடுவது இப்படித்தான். நம் ஓட்டோக்காரரின் அட்டையில் சாவி உரசுவதும் மூலையில்தான்.

மூன்று மூலைகளும் ஒரே அச்சு: ஏழுக்கு ஏழு கட்டம், வெளியே கறுப்புச் சட்டம், உள்ளே ஒரு வெள்ளை வளையம், நடுவில் மூன்றுக்கு மூன்று கறுப்பு. பக்கத்து மூலையைப் பார்த்து, ஒரு மெல்லிய கறுப்பு மார்க்கரால் அழிந்ததை நிரப்பினால் பல தடவை உயிர் வந்துவிடும். உள்ளே உள்ள கட்டங்களில் மட்டும் கைவைக்காதீர்கள். ஊகித்து நிரப்பும் ஒவ்வொன்றும் புதுப் பிழையாகலாம். அதிகமாகப் போயிருந்தால் மூலக் கோப்பிலிருந்தே மறுபடி அச்சிடுங்கள். போட்டோப் பிரதியின் பிரதி வேண்டாம். நாலு சென்ரிமீற்றர் அகலம், பளபளப்பில்லாத தாள், சாவித்துளை வெள்ளை ஓரத்துக்கும் வெளியே.