நாற்பது நிமிடத்தில் ரயில் மாற முடியுமா?

ஏற்காட்டை அடுத்த தலைச்சோலையில் இருக்கும் என் பெற்றோர், புவனேஸ்வரத்தில் இருக்கும் அக்காவின் பிரசவத்திற்குப் போக வேண்டியிருந்தது. மலையிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி சேலம், சேலத்திலிருந்து இரவு ரயிலில் சென்னை சென்ட்ரல், அங்கிருந்து அடுத்த ரயில். டிக்கெட் போட்டவன் நான். முதல் ரயில் காலை 6.20க்கு சென்ட்ரல் வரும், அடுத்தது 7.00 மணிக்குக் கிளம்பும். இடையில் நாற்பது நிமிடம். ஸ்டேஷன் ஒன்றுதானே, போதும் என்று நினைத்துவிட்டேன்.

அன்று ரயில் வந்தது 6.52க்கு. அப்பா அம்மா இறங்கியது கடைசிக்கு முந்தைய பெட்டியில். நான் பெங்களூருவில் போனைப் பிடித்தபடி "நடங்க, நடங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்த ரயில் போய்விட்டது. இரண்டாவது டிக்கெட்டின் பணமும் போயிற்று. தவறு எங்கே என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நடக்கும் தூரம். சென்ட்ரலில் தண்டவாளங்கள் எல்லாம் ஸ்டேஷனோடு முடிந்துவிடுகின்றன. எனவே ஒரு பிளாட்பாரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகப் படியேற வேண்டாம். முகப்பில் உள்ள பொதுக்கூடம் வரை வந்து திரும்பினால் போதும். ஆனால் இதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. உள்ளே வரும் ரயிலின் என்ஜின் பொதுக்கூடத்தை ஒட்டி நிற்கும். கடைசிப் பெட்டிக்காரர் ரயிலின் முழு நீளத்தையும் நடந்து வர வேண்டும். இன்றைய எல்.எச்.பி. பெட்டி ஒன்று ஏறக்குறைய 23.5 மீட்டர். 22 பெட்டிகள் என்றால் அரை கிலோமீட்டருக்கும் மேல். அடுத்த ரயிலில் உங்கள் பெட்டி என்ஜின் பக்கம் இருந்தால் இன்னொரு அரை கிலோமீட்டர். பெட்டி படுக்கையோடு வயதானவர்கள் ஒரு கிலோமீட்டர் நடக்க இருபது நிமிடம் ஆகும். ஐந்து நிமிடம் முன்னதாக ஏறி அமரவும் வேண்டும். ஆக, நாற்பது நிமிடத்தில் ரயில் தாமதமாக வருவதற்கு மிஞ்சுவது வெறும் பதினைந்து நிமிடம்தான்!

இதைக் குறைக்க ஒரு வழி உண்டு. ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் டிக்கெட் போடும்போது விரும்பும் பெட்டி எண்ணைத் தர ஒரு கட்டம் இருக்கிறது. பலரும் அதைக் காலியாக விட்டுவிடுவார்கள். பெட்டி வரிசையை முன்கூட்டியே பார்த்து, முதல் ரயிலுக்கு என்ஜினுக்கு அருகிலும், இரண்டாவது ரயிலுக்குப் பின்பக்கத்திலும் இருக்கும் பெட்டியைக் கேளுங்கள். கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. கேட்பதில் நஷ்டமும் இல்லை.

அடுத்தது ரயில் எவ்வளவு தாமதமாக வரும் என்பது. இதற்கு ரயில்வேயின் என்.டி.இ.எஸ். தளமே போதுமானது. அதில் `Spot Your Train` பகுதியில் ரயில் எண்ணைக் கொடுத்து (உதாரணமாக ஏற்காடு எக்ஸ்பிரஸுக்கு 22650), கிளம்பிய தேதியை மாற்றி மாற்றிப் பாருங்கள். கடந்த சில நாட்களில் சென்ட்ரலுக்கு உண்மையில் எத்தனை மணிக்கு வந்தது என்று தெரிந்துவிடும். ஒரு நாள் கூட பதினைந்து நிமிடத்தைத் தாண்டவில்லை என்றால் துணிந்து போடலாம். இரண்டு நாள் தாண்டியிருந்தால் வேண்டாம்.

இந்த அட்டவணையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெரம்பூரிலிருந்து சென்ட்ரல் சுமார் 6 கிலோமீட்டர்தான். ஆனால் சென்னைக்குள் வரும் ரயிலுக்கு இந்தத் தூரத்திற்கு எவ்வளவு நேரம் தந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். தேவைக்கு மிக அதிகமாக இருக்கும். வழியில் ஆன தாமதத்தைச் சரிக்கட்டக் கடைசியில் சேர்த்து வைக்கும் நேரம் அது. இதனால் பெரம்பூரில் கால் மணி நேரம் தாமதமான ரயில், சென்ட்ரலுக்குச் சரியான நேரத்தில் வந்துவிடலாம். பிளாட்பாரம் காலியில்லை என்றால் பேசின் பிரிட்ஜ் அருகே நின்று, இந்தச் சேமிப்பையும் தின்றுவிடலாம். ஆகவே கடைசி நேரத்தில் அரக்கோணத்தைப் பாருங்கள். சென்னைக்கு சுமார் 70 கிலோமீட்டர் முன்னால் இருப்பதால், அங்கே அரை மணி நேரத்திற்கு மேல் தாமதம் என்றால் மாற்று ஏற்பாட்டைத் தேட ஒரு மணி நேரமாவது கிடைக்கும்.

பிளாட்பார எண்ணை `Live Station` பகுதியில் MAS என்று டைப் செய்து பார்க்கலாம். MS என்று தவறாகக் கொடுத்தால் எழும்பூர் வந்து நிற்கும், ஜாக்கிரதை! அங்கே தெரிவது எதிர்பார்க்கப்படும் எண்தான். ஒலிபெருக்கி அறிவிப்பும் ஸ்டேஷன் பலகையுமே இறுதி. 2 என்பதும் 2ஏ என்பதும் வேறு வேறு பிளாட்பாரங்கள் என்பதையும் பெற்றோரிடம் சொல்லி வையுங்கள்.

சுமைக்கு, கையில் எண் பட்டை கட்டிய உரிமம் பெற்ற போர்ட்டரையே அழையுங்கள். கட்டண விவரம் ஸ்டேஷனில் எழுதி வைக்கப்பட்டிருக்கும். கூலியைப் பேசி முடித்த பிறகே பெட்டியில் கை வைக்க விடுங்கள். நேரம் குறைவு என்றால் "இந்த எண் ரயில், இந்தப் பெட்டி" என்று அவரிடம் சொல்வதுதான் பெரிய உதவி. அறிவிப்பைக் கேட்டு வழி தேடும் வேலை நமக்கு மிச்சம். முதியவர்களுக்கு பேட்டரி கார் உண்டு என்றாலும், வேண்டிய நேரத்தில் அது எதிர்முனையில் நிற்கலாம்.

இப்போது பணத்திற்கு வருவோம். 2019 ஏப்ரல் முதல், தொடர்ச்சியான இரண்டு டிக்கெட்டுகளின் பி.என்.ஆர். எண்களை இணைக்க ரயில்வே அனுமதிக்கிறது. முதல் ரயில் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், பயணிக்காத பகுதியின் கட்டணம் ரத்துக் கட்டணப் பிடித்தம் இன்றித் திரும்பக் கிடைக்கும். முதல் டிக்கெட் முடியும் ஊரிலேயே இரண்டாவது தொடங்க வேண்டும். பயணிகளின் விவரங்கள் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் இனிஷியல் முன்னாலும் மற்றதில் பின்னாலும் கொடுத்தால் கம்ப்யூட்டருக்கு அவர் வேறு ஆள். நாள் முழுக்க இந்த மாதிரி தவறுகளைத் தேடுவதே தொழிலாக இருந்தும், அப்பா பெயரை நான் அப்படித்தான் டைப் செய்திருந்தேன்.

ரயிலைத் தவறவிட்டால், முதல் ரயில் உண்மையில் வந்து சேர்ந்த நேரத்திலிருந்து 3 மணி நேரத்திற்குள் `File TDR` மூலம் விண்ணப்பிக்க வேண்டும். ரயில்வே சரிபார்த்த பிறகே பணம் வரும். ரயில் சரியான நேரத்திற்கு வந்து, நீங்கள் பிளாட்பாரம் தேடித் தவறவிட்டால் எதுவும் கிடையாது. முக்கியமாக, இந்த இணைப்பு பணத்தைத்தான் காப்பாற்றும். அடுத்த ரயிலில் இடம் வாங்கித் தராது.

இடத்திற்கு என்ன செய்வது? சார்ட் தயாரான பின் காலியாக உள்ள இருக்கைகள் ஐ.ஆர்.சி.டி.சி.யில் `CURR_AVBL` என்று தெரியும். ரயில் கிளம்ப அரை மணி நேரம் முன்பு வரை இவற்றை வாங்கலாம். அன்று அப்பா அம்மாவை காத்திருப்போர் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, இதையேதான் நான் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக் கொண்டிருந்தேன். அன்றைய ஒரு ரயிலில் இரண்டு இருக்கைகள் கிடைத்தன. எனவே பயணத்திற்கு முதல் நாளே அதே திசையில் போகும் இரண்டு மூன்று ரயில்களின் எண், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தவறவிட்ட ரயிலின் டிக்கெட் அடுத்த ரயிலில் செல்லாது. முன்பதிவில்லா டிக்கெட் வாங்கினால் பொதுப் பெட்டியில்தான் ஏற முடியும், நீண்ட பயணத்திற்கு முதியவர்களுக்கு அது ஆகாது.

மூன்று மாதம் கழித்துப் பேத்தியைப் பார்க்க மறுபடி கிளம்பினார்கள். இந்த முறை சேலத்திலிருந்து முந்தைய ரயிலில், விடியும் முன்பே சென்ட்ரல் வந்து சேரும்படி போட்டேன். பி.என்.ஆர். இரண்டையும் இணைத்தாயிற்று, பெயரும் ஒரே மாதிரி. ரயில் இருபது நிமிடம் தாமதம்தான். அம்மா பொதுக்கூடத்தில் காபி குடித்து முடித்துவிட்டு, "எதுக்குடா இவ்வளவு சீக்கிரம் வர வெச்சே?" என்று கேட்டாள்.