கயலுக்குக் காக்கா முட்டை பிடிக்குமா?

டேட்டா மைனிங் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கட்டாயம் வரும். நாலைந்து பேர், நாலைந்து படங்கள், ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். ஒரு கட்டம் காலியாக இருக்கும். அந்த ஆள் அந்தப் படத்தைப் பார்த்தால் எவ்வளவு கொடுப்பார் என்று சொல்ல வேண்டும். படத்தின் கதையோ நடிகரோ இயக்குநரோ கணக்கில் வராது. மற்றவர்கள் போட்ட மதிப்பெண்கள் மட்டும்தான் கையில் உண்டு. கொலாபரேட்டிவ் ஃபில்டரிங் என்று பெயர். பலருடைய ரசனையைக் கூட்டாக வைத்து ஒருவருக்கு வேண்டியதைச் சலித்தெடுப்பது. அமெரிக்காவில் 1994இல் குரூப்லென்ஸ் என்ற ஆய்வுக் குழு இணையச் செய்திக் கட்டுரைகளுக்கு இதைச் செய்துகாட்டியது. கீழே நாம் போடப்போகும் கணக்கும் அடிப்படையில் அந்த வழிதான்.

இந்த அட்டவணையை எடுத்துக்கொள்வோம். ஆட்களும் மதிப்பெண்களும் கற்பனை. படங்கள் நீங்கள் அறிந்தவை.

| | நாயகன் | அன்பே சிவம் | சந்திரமுகி | கில்லி | காக்கா முட்டை |
|---|---|---|---|---|---|
| கயல் | 3 | 3 | 1 | 1 | ? |
| முருகன் | 5 | 4 | 3 | 3 | 5 |
| ரஹீம் | 2 | 2 | 2 | 3 | 1 |
| ஷாலினி | 3 | 3 | 1 | – | 5 |

கயலின் ரசனைக்கு நெருக்கமானவர் யார்? முருகனையும் ரஹீமையும் முதலில் பாருங்கள். நால்வரில் மூவர் ரஹீமைத்தான் காட்டுவார்கள். காரணம் இருக்கிறது. கயலும் ரஹீமும் பார்த்த நான்கு படங்களிலும் வித்தியாசத்தைக் கூட்டினால் ஐந்துதான் வருகிறது. முருகனோடு கூட்டினால் ஏழு. அப்படியானால் ரஹீம் காக்கா முட்டைக்கு ஒன்று போட்டிருப்பதால் கயலுக்கும் அது பிடிக்காது என்று முடித்துவிடலாம்.

அது தவறு. எண்களை விட்டுவிட்டு ஆட்களைப் பாருங்கள். கயல் கை இறுக்கம். அவர் கொடுத்ததில் அதிகபட்சமே மூன்று, சராசரி இரண்டு. முருகன் தாராளம், அவருடைய சராசரி நான்கு. கயலின் மூன்றும் முருகனின் ஐந்தும் ஒரே பாராட்டுத்தான். கயலின் ஒன்றும் முருகனின் மூன்றும் ஒரே சலிப்புத்தான். இருவருக்கும் நாயகன் பிடிக்கிறது, சந்திரமுகியும் கில்லியும் ஒட்டவில்லை. ரஹீமுக்கோ எல்லாமே சுமார், கில்லி மட்டும் கொஞ்சம் தேவலாம். கயலோடு அவர் பகிர்ந்துகொள்வது கஞ்சத்தனத்தை மட்டுமே.

ஆகவே ஒவ்வொருவருடைய மதிப்பெண்ணிலிருந்தும் அவரவர் சராசரியைக் கழிக்க வேண்டும். கயலுக்கு +1, +1, −1, −1 என்று வரும். முருகனுக்கு அதே நான்கு படங்களில் +1, 0, −1, −1. ரஹீமின் சராசரி இரண்டு. அவருக்கு 0, 0, 0, +1. இப்போது எந்தப் படத்தில் இருவருடைய குறியும் ஒத்துப்போகிறது, எதில் முட்டிக்கொள்கிறது என்று பார்த்தால் போதும். படத்துக்குப் படம் பெருக்கிக் கூட்டி, இரு வரிசைகளின் நீளங்களால் வகுத்தால் −1க்கும் +1க்கும் இடையே ஓர் எண் கிடைக்கும். முருகனுக்கு 0.87. ரஹீமுக்கு −0.5. நெருங்கிய நண்பராகத் தெரிந்தவர் எதிர்முகாமுக்குப் போய்விட்டார்.

ஷாலினி கில்லி பார்க்கவில்லை. அந்தக் காலிக் கட்டத்தில் பூஜ்யம் போட்டுவிடுவதுதான் இந்தப் பயிற்சியில் மிக அதிகமாக நடக்கும் பிழை என்பேன். மென்பொருள் தானாகவே போட்டுவிடுவதும் உண்டு. ஒன்று என்பதே மிக மோசமான மதிப்பெண் என்றிருக்கும் இடத்தில் பூஜ்யத்துக்கு என்ன பொருள்? பார்க்காத படத்தை அவர் எல்லாவற்றையும்விட வெறுக்கிறார் என்று எழுதிவைத்ததாகும். எனவே இருவரும் பார்த்த மூன்று படங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஷாலினியின் சராசரி மூன்று. அவருக்கு 0, 0, −2. கயலோடு ஒப்புமை 0.58.

இனி கணிப்பு. எதிர்க்குறி வந்த ரஹீமை விட்டுவிடுவோம். காக்கா முட்டைக்கு முருகன் தன் சராசரிக்கு ஒன்று மேலே கொடுத்திருக்கிறார், ஷாலினி இரண்டு மேலே. ஒப்புமை அதிகமுள்ளவரின் பேச்சுக்கு அதிக எடை கொடுத்துச் சராசரி எடுத்து, கயலின் சொந்தச் சராசரியான இரண்டோடு கூட்டுகிறோம்.

```
2 + (0.87×1 + 0.58×2) / (0.87 + 0.58) = 3.4
```

3.4 என்பது தேர்வுத்தாளில் சுமாரான மதிப்பெண். ஆனால் மூன்றைத் தாண்டியே இராத கயலிடமிருந்து 3.4 என்றால், இதுவரை அவர் பார்த்த நான்கையும்விட இது அவருக்குப் பிடிக்கும் என்று பொருள். தாராளமாகப் பரிந்துரைக்கலாம்.

பக்கத்து பெஞ்சில் இருப்பவருக்கு முருகனின் ஒப்புமை 0.75 என்று வந்தால் சண்டை போட வேண்டாம். வரிசையின் நீளத்தைக் கணக்கிடும்போது அவர் காக்கா முட்டையையும் சேர்த்திருப்பார். விரிதாளில் இருவருக்கும் பொதுவான நான்கு கட்டங்களை மட்டும் கொடுத்து `CORREL` போட்டவருக்கு 0.90 வரும், அது முருகனின் சராசரியை அந்த நான்கிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மூன்றுமே நடைமுறையில் உள்ள வழிகள்தாம். எந்த வழி என்று எழுதாத விடைக்கு நான் மதிப்பெண் குறைப்பேன்.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. செல்வி என்று ஐந்தாவதாக ஒருவர் வருகிறார். நாயகனுக்கு 5, சந்திரமுகிக்கு 1. வேறு எதையும் பார்க்கவில்லை. கணக்குப் போட்டால் கயலோடு ஒப்புமை சரியாக 1! நான்கு படங்களில் ஒத்துப்போன முருகனைவிட, இரண்டே படம் பார்த்தவர் மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறார். `CORREL` போட்டாலும் இதே கதைதான்: இரண்டு படங்களுக்கு வெவ்வேறு மதிப்பெண் கொடுத்த எந்த இருவருக்கும் விடை +1 அல்லது −1 மட்டுமே. அட்டவணையில் 1.00 என்று பளிச்சென்று ஓர் ஒப்புமை தெரிந்தால், மகிழ்வதற்கு முன் பொதுவான படங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். பொதுப் படங்கள் குறைவாக இருந்தால் ஒப்புமையையும் அதே விகிதத்தில் குறைப்பது ஒரு வழி. நான்கு படங்கள் முழு எடை என்று வைத்தால் செல்விக்கு நான்கில் இரண்டு, அதாவது 0.5 கிடைக்கும். அது அவருக்கு நியாயமான இடம்.

கணிப்பு தேறுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தெரிந்த ஒரு மதிப்பெண்ணை மறைத்துவிட்டுக் கணித்துப் பார்க்க வேண்டும். கயல் சந்திரமுகிக்குப் போட்ட ஒன்றை மறைப்போம். அவருடைய சராசரி 2.33 ஆக மாறுகிறது. ஷாலினியோடு இப்போது பொதுவாக மிஞ்சுவது நாயகனும் அன்பே சிவமும் மட்டும்; இரண்டிலும் ஷாலினியின் விலகல் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்க நேர்ந்து கணக்கு நின்றுவிடுகிறது. எல்லாப் படத்துக்கும் ஒரே மதிப்பெண் போடுபவர்களிடமும் இதுவே நடக்கும்; அவர்களை விலக்கிவிட வேண்டியதுதான். முருகனின் ஒப்புமை இப்போதும் 0.87. அவர் சந்திரமுகிக்குத் தன் சராசரிக்கு ஒன்று கீழே கொடுத்ததால் கணிப்பு 1.33. உண்மை 1. பிழை 0.33. கையளவு அட்டவணைக்கு இது பரவாயில்லை. இப்படி ஒவ்வொரு கட்டமாக மறைத்துப் பிழைகளின் சராசரியைப் பார்த்தால்தான் முறையின் தரம் தெரியும்.

நம் அட்டவணையில் காலிக் கட்டங்கள் இரண்டு. வகுப்புகளில் அடுத்துக் கொடுக்கப்படும் மூவிலென்ஸ் தரவுத்தொகுப்பில் 943 பேர், 1,682 படங்கள், ஒரு லட்சம் மதிப்பெண்கள். பெருக்கிப் பாருங்கள்: கட்டங்களில் ஏறக்குறைய 94 சதவீதம் காலி. அங்கே செல்விகள் ஏராளம். அதைத் தொடுவதற்கு முன், ஒவ்வொரு ஒப்புமைக்கும் பக்கத்தில் பொதுப் படங்களின் எண்ணிக்கையைக் காட்டும் ஒரு பத்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.