நிறம் மட்டும் மாறட்டும்

லிப்ஸ்டிக் வாங்க நினைக்கும் பெண் ஒருத்தி கைபேசியின் முன்பக்கக் கேமராவைத் திறந்து, ஆப்பில் ஒரு ஷேடைத் தொடுகிறாள். உதடு சிவக்கிறது. கூடவே கன்னத்துப் பருவடு மறைகிறது, கண்ணடிக் கருமை கலைகிறது, மூக்கின் நுண்துளைகள் காணாமல் போகின்றன. முகம் பளிச்சென்று இருக்கவே, அந்த ஷேடை வாங்கிவிடுகிறாள். அவளுக்குப் பிடித்தது ஷேடா, வழவழப்பாக்கப்பட்ட தோலா என்று அந்தப் படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

முன்னோட்டம் பதில் சொல்ல வேண்டியது ஒரே ஒரு கேள்விக்கு: இந்த நிறம் இந்த முகத்தில் எப்படி இருக்கும்? அதற்கு நிறம் மட்டும் மாற வேண்டும். நுண்துளை, பூனைமுடி, உதட்டு வரி எல்லாம் இருந்தபடியே இருக்க வேண்டும். கணினி வழியாக இதைச் செய்வது முடியாத காரியம் அல்ல. ஆனால் நிறத்தையும் தோலின் நயத்தையும் எந்த இடத்தில் பிரிப்பது என்று தெரிந்து செய்ய வேண்டும்.

பிரிக்க முடிவதற்குக் காரணம் நம் கண்ணிலேயே இருக்கிறது. நுணுக்கமான விவரங்களை மனிதக் கண் பெரும்பாலும் வெளிச்ச வேறுபாட்டிலிருந்தே பிடித்துக்கொள்கிறது. நிற வேறுபாட்டில் அத்தனை கூர்மை இல்லை. நாம் அன்றாடம் அனுப்பும் ஜேபெக் படங்கள் பல, வெளிச்சத்தை முழு நுணுக்கத்தோடும் நிறத்தைக் குறைந்த நுணுக்கத்தோடும் சேமிப்பது இதை நம்பித்தான். நிறவியலாளர்கள் 1976இல் வகுத்த 'லேப்' அளவுமுறையும் இதற்குத் தோதானது. அதில் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள். முதல் எண் வெளிச்சம்: 0 கறுப்பு, 100 வெள்ளை. இரண்டாவது பச்சையிலிருந்து சிவப்பு வரை, மூன்றாவது நீலத்திலிருந்து மஞ்சள் வரை. நுண்துளை என்பது மிகச் சிறிய நிழல். அது பெரும்பாலும் முதல் எண்ணில்தான் பதிவாகிறது.

அப்படியானால் முதல் எண்ணைத் தொடாமல் மற்ற இரண்டையும் மட்டும் மாற்றினால் போதுமே என்று தோன்றும். படத்திருத்த மென்பொருள்களில் உள்ள Color என்ற கலப்பு முறை ஏறத்தாழ இதைத்தான் செய்கிறது. உதட்டின் வரிகள் அப்படியே நிற்கும். ஆனால் அடர் மெரூன் லிப்ஸ்டிக்கை இப்படிப் பூசிப் பார்த்தால், திரையில் வருவது மெரூன் அல்ல, ஒருவகை ரோஜாச் சிவப்பு. மெரூனை மெரூன் ஆக்குவதே அதன் இருட்டு. உதட்டின் பழைய வெளிச்சத்தை வைத்துக்கொண்டு அந்த நிறத்தைக் காட்ட வழியில்லை.

ஒரு மாநிறப் பெண்ணின் படத்தை எடுத்துக்கொண்டு இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். உதட்டின் சராசரி வெளிச்சம் 45 என்று வைத்துக்கொள்வோம். ஓர் உதட்டு வரியின் பள்ளத்தில் அது 39. கீழுதட்டின் நடுவில் ஈரம் மினுங்கும் இடத்தில் 70. பூச வேண்டிய மெரூனின் வெளிச்சம் 28. எல்லாப் புள்ளிகளையும் 28க்குக் கொண்டுவந்தால் உதடு காகிதத்தை வெட்டி ஒட்டியது போல் ஆகிவிடும். பல ஆப்களில் லிப்ஸ்டிக் ஒட்டு வைத்ததுபோல் தெரிவதற்கு இது ஒரு காரணம். மாற்ற வேண்டியது சராசரியை. 45ஐ 28க்கு இறக்கி, வரியையும் அதனோடு 17 இறக்கினால், பள்ளம் 22 ஆகும்; வரி பிழைத்துவிடும். இன்னும் நுணுக்கமாகச் செய்ய விரும்புகிறவர் ஆறு புள்ளி வேறுபாட்டை நான்கு ஆக்குவார், ஏனெனில் இருண்ட பரப்பில் நிழலின் வேறுபாடும் கொஞ்சம் சுருங்கும்.

மினுக்கத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது உதட்டின் நிறமே அல்ல. மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஜன்னல் வெளிச்சம். அடியில் எந்த நிறம் பூசினாலும் அந்த வெளிச்சம் அதே அளவில் தெறிக்கும். ஆகவே 70ஐ 53க்கு இறக்கக் கூடாது. அது 60ஐத் தாண்டியே நிற்க வேண்டும். அதன்மேல் மெரூனை ஏற்றவும் கூடாது, வெளிச்சத்தின் வெண்மையோடு விட்டுவிட வேண்டும். மேட் வகை லிப்ஸ்டிக் என்றால் மட்டும் மினுக்கத்தையே தணிக்கலாம். முன்னோட்டத்தில் உதடு பிளாஸ்டிக் பொம்மை உதடாகத் தெரிந்தால், முதலில் அந்த மினுக்கம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சிவப்பாக இருந்தால் கணக்கு தப்பியிருக்கிறது.

ஃபவுண்டேஷன் இதைவிடச் சிக்கலானது. லிப்ஸ்டிக்குக்கு எல்லைக்கோடு உண்டு; ஃபவுண்டேஷன் முகம் முழுவதும் பரவுவது. மேலும் அதன் வேலையே சில விஷயங்களை மறைப்பதுதான். மங்கு, பருவடு, கண்ணடிக் கருமை ஆகியவற்றைக் குறைக்க வேண்டும். நுண்துளையையும் பூனைமுடியையும் தொடக் கூடாது. மங்கும் தோலைக் கருமையாக்குகிறது, நுண்துளையின் நிழலும் கருமையாக்குகிறது. இரண்டும் அதே வெளிச்ச எண்ணில்தான் உட்கார்ந்திருக்கின்றன. இவற்றை நிறத்தால் பிரிக்க முடியாது, அளவால் பிரிக்கலாம்.

படத்தில் முகம் 1,000 புள்ளி அகலம் இருந்தால், ஒரு புள்ளி என்பது தோலில் ஏறத்தாழ ஏழில் ஒரு மில்லிமீட்டர். நுண்துளை ஓரிரு புள்ளிகளில் அடங்கிவிடும். மூன்று மில்லிமீட்டர் மச்சம் 20 புள்ளிகளுக்கு நீளும். மங்கு அதைவிடப் பல மடங்கு பெரிது. ஆகவே படத்தை ஐந்து புள்ளி அளவுக்கு மங்கலாக்கினால் நுண்துளைகள் கரைந்து போகும், மங்கு நிற்கும். மூலப் படத்திலிருந்து இந்த மங்கல் படத்தைக் கழித்தால், மீதி கிடைப்பது தோலின் நயம் மட்டும். அந்த அடுக்கைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட வேண்டும். மங்கல் படத்தையே இன்னும் அதிகமாக மங்கலாக்கினால் முகத்தின் மேடு பள்ளமும் அதன்மேல் விழும் வெளிச்சமும் மட்டும் மிஞ்சும். இரண்டு மங்கல்களுக்கும் நடுவில் இருப்பதுதான் திட்டுகள். இப்போது கையில் மூன்று அடுக்குகள்: வெளிச்சமும் வடிவமும், திட்டுகள், நயம்.

கன்னத்தின் சராசரி வெளிச்சம் 52, மங்கு உள்ள இடம் 44, பூச விரும்பும் ஷேட் 54, பாதி மறைக்கும் வகை ஃபவுண்டேஷன் என்று கொள்வோம். முதல் அடுக்கு முழுவதையும் ஒரு புள்ளி உயர்த்தினால் கன்னம் 53 ஆகும். திட்டு அடுக்கில் எட்டுப் புள்ளி வேறுபாட்டை நான்காகக் குறைத்தால் மங்கு 49 ஆகி, லேசாகத் தெரிந்துகொண்டே இருக்கும். பாதி மறைக்கும் ஃபவுண்டேஷன் நிஜத்திலும் அப்படித்தான். மற்ற இரண்டு நிற எண்களையும் இதே விதத்தில் ஷேடின் பக்கம் நகர்த்த வேண்டும். கடைசியில் நய அடுக்கை எதுவும் செய்யாமல் மேலே சேர்த்தால் முன்னோட்டம் தயார். முதல் அடுக்கை உயர்த்துவதோடு நிறுத்திக்கொள்வது முக்கியம். அதையும் ஷேடின் நிறத்துக்குச் சமமாக்கினால் மூக்கோரத்து நிழல் அழிந்து, முகம் தட்டையாகிவிடும்.

அடுக்காகப் பிரிக்கும் இந்த எண்ணம் புதிதல்ல. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டாங் குவோவும் டெரன்ஸ் சிம்மும் 2009இல் ஒரு மாடலின் ஒப்பனையை வேறொருவர் முகத்துக்கு மாற்றும் முறையை வெளியிட்டபோது, முகத்தை வடிவம், தோல் நுணுக்கம், நிறம் என்று மூன்றாகத்தான் பிரித்தார்கள். சாதாரணமாக மங்கலாக்கினால் கண், உதடு ஓரங்களில் ஒளிவட்டம் போல் ஒரு விளிம்பு கசியும். அதைத் தவிர்க்க, ஓரங்களைக் காக்கும் வடிகட்டியைப் பயன்படுத்தினார்கள். ஆனால் அவர்கள் தேடியது ஒப்பனை முடிந்த அழகான முகத்தை. எனவே மாடலின் தோல் நுணுக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். அவர்களின் நோக்கத்துக்கு அது சரி. ஷேட் பார்க்க வந்தவருக்கு அது கெடுதல்.

எந்த முகத்தில் பார்க்கிறோம் என்பதும் இதே அளவு முக்கியம். 1950களிலிருந்து கோடாக் நிறுவனம் புகைப்பட அச்சகங்களுக்கு 'ஷர்லி அட்டை' என்ற ஒன்றை அனுப்பி வந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். அவள் தோல் சரியாக வரும்படி அச்சின் நிறத்தைச் சரிசெய்வார்கள். கறுத்த தோல் உள்ளவர்கள் படங்களில் விவரமின்றி இருண்டு போனார்கள். பல நிறத்தவர் ஒன்றாக நிற்கும் அட்டைகள் 1990களில்தான் வந்தன. வெளிறிய முகம் ஒன்றில் பூசிக் காட்டும் ஷேட் வரிசை, மாநிறத்தவருக்கு ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை. அடியில் உள்ள உதடு கருஞ்சிவப்பாக இருந்தால் மெல்லிய பீச் நிற லிப்ஸ்டிக் அதன் வழியே சாம்பல் படிந்ததாகத் தெரியும். ஒப்பீட்டு முகத்தின் தோல் நிறமும் உதட்டு நிறமும் வாங்குபவரோடு ஒத்துப்போக வேண்டும். ஒப்பனை இல்லாமல், பகல் வெளிச்சத்தில், சாம்பல் அட்டை ஒன்றைப் பக்கத்தில் பிடித்து எடுத்த படமாக இருப்பது நல்லது. ஷேடின் எண்களையும் விளம்பரப் படத்திலிருந்து எடுக்காமல், வெள்ளை அட்டையில் தடவி, காயவிட்டு, அதே வெளிச்சத்தில் எடுத்த படத்திலிருந்து எடுக்க வேண்டும்.

இப்போது பரவியிருக்கும் செயற்கை நுண்ணறிவுப் பட மென்பொருள்களில் வேறொரு சிக்கல். உதட்டை மட்டும் மாற்றச் சொன்னாலும் அவற்றில் பல முகம் முழுவதையும் புதிதாக வரைந்துவிடுகின்றன. கன்னத்தில் தெரியும் நுண்துளைகள் பழைய நுண்துளைகளே அல்ல; அவற்றைப் போல வரையப்பட்டவை. சில சமயம் மச்சம் நகர்ந்திருக்கும், அல்லது காணாமல் போயிருக்கும். இதற்குக் கைகண்ட வழி, உதட்டை மட்டும் புதிய படத்திலிருந்து வெட்டி எடுத்து, மீதி எல்லாவற்றையும் மூலப் படத்திலிருந்து வைத்துக்கொள்வது.

மென்பொருள் எதுவானாலும் சோதிக்கும் முறை ஒன்றே. முன் படத்தையும் பின் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து Difference என்ற கலப்பு முறையைத் தேர்ந்தெடுத்தால், மாறாத இடம் கறுப்பாகவும் மாறிய இடம் வெளிச்சமாகவும் தெரியும். லிப்ஸ்டிக் மட்டும் பூசிய படத்தில் கன்னம் முழுக் கறுப்பாக இருக்க வேண்டும். ஃபவுண்டேஷன் பூசிய படத்தில் கன்னத்தில் மென்மையான, புகை போன்ற வெளிச்சம் இருக்கலாம். அதில் நுண்துளைகளின் உருவம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் தோலின் நயம் தொடப்பட்டிருக்கிறது.

எவ்வளவு நேர்மையாகச் செய்த முன்னோட்டமும் சொல்வது நிறத்தைப் பற்றி மட்டுமே. நிஜ ஃபவுண்டேஷன் நுண்துளைகளில் தங்கும், வறண்ட இடத்தில் திட்டாக நிற்கும், சிரிக்கும்போது மடிப்புகளில் சேரும்; சில வகைகள் பூசியபின் ஒரு ஷேட் கறுத்துவிடும். மேட் லிப்ஸ்டிக் உதட்டு வரிகளை அழுத்திக் காட்டும். இவை எதுவும் திரையில் வராது. ஆகவே வாங்குகிறவர்கள் ஆப்பில் 'பியூட்டி', 'ஸ்மூத்' என்று பெயர் போட்ட எல்லாவற்றையும் முதலில் அணைத்துவிட்டு, இரண்டு மூன்று ஷேடுகளாகத் தேர்வைச் சுருக்கிக்கொள்ளுங்கள். பிறகு கடையில் அவற்றைத் தாடையோரத்தில் தடவி, அரை மணி நேரம் கழித்து வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள்; பணம் கட்டுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.